ரூ. 41,900 போனா, ரூ. 57,900 போனா? முதல் போனுக்கு இன்னும் 8 கிழமை கூடக் காத்திருக்கலாமா?

நிலா_வெள்ளவத்தை (ஞாயிறு, மாலை 5.40)

வணக்கம். எனக்கு வயது 16, சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். இவ்வளவு நாளும் அம்மாவின் போனைத்தான் பாவித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன், கிழமைக்கு ரூ. 2,000 வரும். இதுவரை சேர்த்தது ரூ. 31,400.

இரண்டு போன் பார்த்து வைத்திருக்கிறேன். விலை இரண்டும் லிபர்ட்டி பிளாசா கடை ஒன்றில் கேட்டது, காசு கொடுத்து எடுக்கும் விலை.

"ஏ" போன்: ரூ. 41,900. 12 ஜிபி ரேம், 128 ஜிபி, ஹீலியோ ஜி85, 50 மெகாபிக்சல் கேமரா, 6.7 அங்குலத் திரை (720 × 1600), 5,000 எம்ஏஎச் பேட்டரி.

"பி" போன்: ரூ. 57,900. 6 ஜிபி ரேம், 128 ஜிபி, ஹீலியோ ஜி99, 50 மெகாபிக்சல், 1080 × 2400 திரை, பேட்டரி அதே அளவு.

"ஏ"க்கு இன்னும் ரூ. 10,500 வேண்டும், அது 6 கிழமை. "பி"க்கு ரூ. 26,500 வேண்டும், அது 14 கிழமை. ரேம் பாதிதான் உள்ள போனுக்கு ஏன் ரூ. 16,000 கூட என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தேவை உயர்தர வகுப்புக்கு சூம், கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப், வாட்ஸ்அப். கேம் விளையாடுவதில்லை. எதை எடுப்பது?

---

கொட்டாஞ்சேனை_அன்ரன் (ஞாயிறு, மாலை 6.15)

தங்கச்சி, ரேம் கூடினால் போன் வேகம். 12 எங்கே, 6 எங்கே? "ஏ"யை எடுத்துவிட்டு மிச்சக் காசைப் புத்தகத்துக்கு வையுங்கள்.

---

சோல்டர்_ரவி (ஞாயிறு, இரவு 8.02)

அன்ரன் அண்ணா, அந்த 12 உண்மையான 12 இல்லை. ஜி85 போட்டு அந்த விலைக்கு வருகிற போனில் 12 ஜிபி ரேம் வராது. நிலா, கடையில் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதே. பெட்டியைத் திருப்பிப் பிடி. ஐஎம்ஈஐ பார்கோடு ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் ரேமும் சேமிப்பகமும் இருக்கும். அதில் 4 ஜிபி என்றுதான் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். முன்பக்கத்தில் இருப்பது 4 கூட்டல் 8. அந்த 8 என்பது 128 ஜிபி சேமிப்பகத்திலிருந்து வெட்டி எடுத்து ரேம் போலப் பாவிக்கும் இடம். செட்டிங்ஸில் அதை நிறுத்தலாம், நிறுத்தினால் அந்த 8 ஜிபி இடம் உனக்குத் திரும்ப வந்துவிடும். ரேமாக இருந்திருந்தால் அப்படி வருமா?

இனி, அந்தக் கடன் வாங்கிய ரேம் எங்கே போய் எழுதுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஜி85 சிப் ஏற்றுக்கொள்வது ஈஎம்எம்சி வகைச் சேமிப்பகத்தை மட்டும்தான். ஈஎம்எம்சி ஒற்றை வழிப் பாலம் மாதிரி. ஒரு நேரத்தில் ஒன்றில் வாசிக்கும், இல்லாவிட்டால் எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும் தெரு. பின்னால் வாட்ஸ்அப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது நீ பிடிஎஃப் திறந்தால், ஈஎம்எம்சி போனில் பிடிஎஃப் பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்து நிற்கும். அதே பாலத்தில் 8 ஜிபி போலி ரேமையும் ஏற்றினால் நெரிசல் இன்னும் கூடும்.

பழுதுபார்க்க வரும் போன்களில் "முதல் மாதம் நல்லா இருந்தது, எட்டாம் மாதம் தொங்குது" என்று கொண்டு வருபவை பெரும்பாலும் இந்த வகைதான். உள்ளே ஒன்றும் உடைந்திருக்காது. 128இல் 115 நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். ஃபிளாஷ் நிரம்ப நிரம்ப, புதிதாக ஒன்றை எழுத முதல் பழையதை நகர்த்தித் துடைத்து இடம் எடுக்க வேண்டும். அந்த வேலை நடக்கும்போது விரல் வைத்தாலும் திரை அசையாது.

---

விளையாட்டுப்பிரியன் (ஞாயிறு, இரவு 8.30)

ஜி99இல் 60 எஃப்பிஎஸ் வரும், ஜி85இல் கிராபிக்ஸ் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். சூடாகினால் இன்னும் விழும். கேமுக்கு என்றால் "பி"யும் போதாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழைய ஃபிளாக்ஷிப் ஒன்று இதே காசுக்கு எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுத்தேன், இரண்டு வருடமாக நல்லா ஓடுது.

---

நிலா_வெள்ளவத்தை (ஞாயிறு, இரவு 8.41)

நான் கேம் விளையாடுவதில்லை அண்ணா. பழைய போன் எடுக்க அம்மா விடமாட்டார்.

---

ஃபர்ஹான்_கொள்ளுப்பிட்டி (ஞாயிறு, இரவு 9.20)

ரவி நானா சொன்னது சரி. அதைச் சுருக்கமாகச் சொன்னால், தங்கச்சி, சிப் பெயரை மட்டும் பாருங்கள். ஜி85 என்றால் ஈஎம்எம்சி, ஜி99 என்றால் யுஎஃப்எஸ். கடைக்காரரிடம் வேறு ஒன்றும் கேட்கத் தேவையில்லை. ஜி85 12 நானோமீட்டர், ஜி99 6 நானோமீட்டர், அதனால் சூடும் குறைவு, சார்ஜும் நிற்கும்.

---

சோல்டர்_ரவி (ஞாயிறு, இரவு 9.48)

ஃபர்ஹான், முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜி85இல் யுஎஃப்எஸ் போடவே முடியாது, அது நிச்சயம். ஆனால் ஒரு சிப் வேகமான சேமிப்பகத்துக்கு இடம் கொடுக்கும் என்பது வேறு, கம்பனி அதைத்தான் போட்டிருக்கிறது என்பது வேறு. சிப் பெயர் சொல்வது மேல் எல்லையை மட்டும். போர்டில் எதை வைத்துப் பற்றவைப்பது என்பது கம்பனியின் கணக்கு. விலை குறைக்க அவர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் சேமிப்பகமும் ஒன்று, ஏனென்றால் பெட்டியில் அதன் வகையை எழுதுவதில்லை. 128 ஜிபி என்று மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

நிலா, சனிக்கிழமை கடைக்குப் போனால் காட்சிக்கு வைத்திருக்கும் செட்டில் சோதிக்கக் கேள். கூட்டம் இல்லாத காலை நேரம் போ. ப்ளே ஸ்டோரில் AndroBench என்று தேடு. சில புதிய செட்டில் அது தோன்றாது, அப்போது CPDT என்று தேடு. உன் கூகுள் கணக்கைக் கடைப் போனில் போடாதே, அவர்களின் கணக்கிலேயே இறக்கித் தரச் சொல். இறக்கியதும் ஒரே ஒரு எண்ணைப் பார்: Sequential Read. ஈஎம்எம்சி 5.1இன் கம்பி வேகமே செக்கனுக்கு 400 எம்பிதான், நடைமுறையில் 300ஐ ஒட்டித்தான் வரும். ஆகவே 400ஐத் தாண்டிய எண் வந்தால் அது ஈஎம்எம்சியாக இருக்க வழியில்லை. யுஎஃப்எஸ் 2.2 என்றால் 900 பக்கம் வரும்.

சோதிக்க விடாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, எதையும் இறக்கத் தேவையில்லை. கேமராவைத் திற, பிறகு குரோமில் மூன்று பக்கம் திற, பிறகு மேப்ஸ், யூடியூப், செட்டிங்ஸ். இப்போது பின்னோக்கி ஒவ்வொன்றாகத் திரும்பி வா. விட்ட இடத்திலேயே நின்றால் அது ரேமில் இருந்தது. திரை ஒரு கணம் வெள்ளையாகி, பக்கம் முதலிலிருந்து ஏறினால், ரேம் போதாமல் போன் அதை மூடிவிட்டது. சூம் வகுப்பில் இதுதான் உனக்கு நடக்கும். வினாத்தாளைப் பார்க்கப் போய்த் திரும்பி வந்தால் சூம் மறுபடி இணையும், அதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.

---

கணக்கர்_மாலா (திங்கள், காலை 7.05)

நிலாவுக்கு ஒரு கணக்கு. விலையை நேருக்கு நேர் வைத்தால் "ஏ" மலிவு. அதையே பாவிக்கும் மாதங்களால் பிரித்துப் பாருங்கள். "ஏ"க்குக் கம்பனி 2 வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்கிறது, "பி"க்கு 4 வருடம்.

"ஏ": 41,900 ÷ 24 = மாதம் ரூ. 1,746
"பி": 57,900 ÷ 48 = மாதம் ரூ. 1,206

ஆகவே விலை கூடியதுதான் மலிவு. காத்திருங்கள்.

இன்னொன்று. கார்டில் மூன்று தவணை வட்டியில்லை என்று போட்டிருக்கும் இடங்களில், அதே போனுக்குக் காசு விலை என்ன என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு விலைக்கும் ரூ. 2,000, 3,000 வித்தியாசம் இருக்கும் கடைகள் உண்டு. உங்களுக்கு அது ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் மேல். வட்டி என்ற பெயரில் எடுக்காததை விலையில் எடுத்துவிடுவார்கள்.

---

சோல்டர்_ரவி (திங்கள், காலை 9.30)

மாலா அக்கா, தவணை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த 48ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புதுப்பிப்பு வருடத்தைக் கம்பனி எண்ணுவது போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நிலா வாங்கும் நாளிலிருந்து இல்லை. "பி" வந்து எத்தனை மாதம் என்று பாருங்கள். கடைகளில் விலை இறங்கிக் கிடக்கும் நல்ல போன்கள் பெரும்பாலும் வந்து ஒரு வருடம் கடந்தவை.

---

கணக்கர்_மாலா (திங்கள், பகல் 12.50)

இதை நான் யோசிக்கவில்லை. நிலா குறிப்பிட்ட விவரத்துக்குப் பொருந்தும் போன்களை கம்பனித் தளத்தில் பார்த்தேன். "பி" வந்து 14 மாதம், மிச்சம் 34. "ஏ" வந்து 3 மாதம்தான், மிச்சம் 21. நிலா காத்திருக்கும் நாளையும் கழிக்க வேண்டும். "ஏ"க்கு 6 கிழமை என்பதை ஒரு மாதம் என்று குறைத்தே எடுக்கிறேன், "பி"க்கு 14 கிழமையை 3 மாதம் என்று எடுக்கிறேன்.

"ஏ": 41,900 ÷ 20 = மாதம் ரூ. 2,095
"பி": 57,900 ÷ 31 = மாதம் ரூ. 1,868

"பி"தான் இன்னும் குறைவு, ஆனால் வித்தியாசம் 540இலிருந்து 227க்கு வந்துவிட்டது. காலையில் அவ்வளவு உறுதியாகக் "காத்திருங்கள்" என்று எழுதியிருக்கக் கூடாது.

---

கொட்டாஞ்சேனை_அன்ரன் (திங்கள், மாலை 6.22)

புதுப்பிப்பு நின்றால் போன் நின்றுவிடுமா? என் மகனின் போனுக்குப் புதுப்பிப்பு வந்து இரண்டு வருடமாகிறது, இன்றைக்கும் கதைக்கிறான், படம் பார்க்கிறான். இந்தக் கணக்கு பயம் காட்டுகிற கணக்கு.

---

சோல்டர்_ரவி (திங்கள், இரவு 8.15)

நிற்காது அண்ணா, அது உண்மை. வங்கி ஆப் வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம், ஓட்டை திறந்தபடி கிடக்கும். 16 வயதுப் பிள்ளைக்கு இப்போது வங்கி ஆப் இல்லை, மூன்று வருடத்தில் வரும். அதனால்தான் நான் மாதக் கணக்கைக் கடைசியாக வைப்பேன். முதலில் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும். புதுப்பிப்பு வருகிற போனே எட்டாம் மாதத்தில் தொங்கினால் அந்த மாதங்களை எண்ணிப் பயன் என்ன?

---

தெஹிவளை_ரீச்சர் (செவ்வாய், இரவு 7.40)

ஒருவரும் திரையைப் பற்றிக் கதைக்கவில்லை. பிள்ளை வினாத்தாள் வாசிக்கப் போகிறது. ஏ4 பக்கம் ஒன்றைப் போனின் அகலத்துக்குப் பொருத்தினால், தமிழில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 80 எழுத்து வரும் என்று வையுங்கள். 720 புள்ளி அகலத் திரையில் ஒரு எழுத்துக்கு 9 புள்ளி கிடைக்கும். 1080 திரையில் 13 அல்லது 14. ஆங்கில எழுத்துக்கு 9 போதும். தமிழில் "ெ" கொம்புக்கும் "ே" கொம்புக்கும் வித்தியாசம் மேலே ஒரு சுழிதான். "ி" போட்டதா "ீ" போட்டதா என்பதும் அப்படித்தான். 9 புள்ளியில் அந்தச் சுழி ஒரு கறையாகத் தெரியும். ஸ்கேன் பண்ணிய பழைய வினாத்தாள் என்றால் இன்னும் மோசம்.

போனைப் படுக்க வைத்துப் பிடித்தால் அகலம் 1600 புள்ளியாகிவிடும், "ஏ"யிலும் தெளிவாக வாசிக்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஏழெட்டு வரிதான் தெரியும், கேள்வியும் படமும் ஒன்றாகத் தெரியாது. பௌதிகவியல் எடுக்கும் பிள்ளைக்கு அது இடைஞ்சல். வர்த்தகம் எடுத்தால் பரவாயில்லை.

---

ஃபர்ஹான்_கொள்ளுப்பிட்டி (செவ்வாய், இரவு 9.10)

ரீச்சர், இது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் 90 ஹேர்ட்ஸா 120 ஹேர்ட்ஸா என்றுதான் பார்ப்பேன். வாசிக்கிறவருக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை, சுருட்டும்போது மட்டும்தான் தெரியும்.

நிலாவுக்கு இன்னொன்று. இந்தியத் தமிழ் யூடியூப்பில் "இந்த விலைக்கு இதுதான் பெஸ்ட்" என்று சொல்வதைக் கொழும்புக்குக் கொண்டு வராதீர்கள். அங்கே இரண்டு போனுக்கும் ஆயிரம் ரூபா வித்தியாசம் இருக்கும், இங்கே பத்தாயிரம் இருக்கும். இறக்குமதி செய்பவர் வேறு, 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18% வற் வரி உண்டு. போனின் குணம் எங்கேயும் ஒன்றுதான், விலைக்குத் தகுந்ததா என்ற தீர்ப்பை மட்டும் கொழும்பு விலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

---

நிலா_வெள்ளவத்தை (சனி, பகல் 1.30)

எல்லோருக்கும் நன்றி. நான் எடுக்கப் போவது பௌதிகப் பிரிவு, ரீச்சர்.

இன்று காலை பத்து மணிக்கு அம்மாவோடு போனேன். முதல் கடையில் எதையும் இறக்க விடவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்க்க மட்டும் தந்தார்கள். ரவி அண்ணா சொன்னபடி வெள்ளை ஸ்டிக்கரில் 4 ஜிபி என்று இருந்தது. முன்பக்கம் 12 என்று என் விரல் நீளத்துக்கு எழுத்து, ஸ்டிக்கரில் 4 அரிசி அளவு. செட்டிங்ஸில் "போன் பற்றி" என்ற இடத்தில் 4 ஜிபி, பக்கத்தில் கூட்டல் 8 ஜிபி என்று இருந்தது.

இரண்டாவது கடையில் அண்ணா ஒருவர் தானே இறக்கித் தந்தார். Sequential Read:

"ஏ": 281
"பி": 934

பின்னோக்கித் திரும்பும் சோதனையும் செய்தேன். "ஏ"யில் குரோமும் மேப்ஸும் வெள்ளையாகி மறுபடி ஏறின. "பி"யில் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. என் வாட்ஸ்அப்பில் இருந்த 2019 வினாத்தாளைக் கடை அண்ணாவுக்கு அனுப்பி இரண்டிலும் திறந்து பார்த்தோம். "ஏ"யில் "கெ"யும் "கே"யும் எனக்கு ஒன்று போலத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு இரண்டு போனிலும் தெரியவில்லை, கண்ணாடி கொண்டு வரவில்லை.

கேமரா இரண்டிலும் 50 என்று இருக்கிறது, ஆனால் எடுத்த படத்தின் விவரத்தைப் பார்த்தால் 12.5 மெகாபிக்சல் என்று வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

---

சோல்டர்_ரவி (சனி, மாலை 3.05)

934 என்றால் யுஎஃப்எஸ், சந்தேகமே வேண்டாம். நல்ல சோதனை.

கேமரா ஏமாற்று இல்லை. நான்கு சின்னப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு பெரிய புள்ளியாக்கி எடுக்கிறது, 50ஐ நான்கால் பிரித்தால் 12.5. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது நல்லது. முழு 50இலும் எடுக்கத் தனியாக ஒரு தெரிவு இருக்கும், வெயிலில் மட்டும் பலன் தரும். நோட்டுக் கொப்பியைப் படம் எடுக்க 12.5 தாராளம். பின்னால் இருக்கும் மற்ற 2 மெகாபிக்சல் கண்ணை விலைக் கணக்கில் சேர்க்காதே.

---

விளையாட்டுப்பிரியன் (சனி, மாலை 4.00)

பழைய ஃபிளாக்ஷிப்பில் இதே சோதனை போட்டால் 1,500க்கு மேல் வரும். சும்மா சொல்கிறேன்.

---

சோல்டர்_ரவி (சனி, மாலை 4.25)

வரும், மறுக்கவில்லை. ஆனால் நான்கு வருடப் பேட்டரியோடு வரும், அதையும் மாற்றும் செலவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறந்து ஒட்டிய போனில் தண்ணீர் தடுக்கும் ஒட்டும் போயிருக்கும். பழையதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல வழிதான். முதல் போன் வாங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

---

நிலா_வெள்ளவத்தை (ஒன்பதாம் கிழமை, ஞாயிறு, இரவு 7.15)

கணக்கு பிழைத்துவிட்டது. பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரும் மட்டக்களப்புக்குப் போனதால் இரண்டு கிழமை வகுப்பு இல்லை. 7 கிழமைக் காசுதான் சேர்ந்தது, கையில் ரூ. 45,400. இப்போது "ஏ"யின் விலை ரூ. 39,900க்கு இறங்கிவிட்டது. நாளைக்கே எடுக்கலாம், ரூ. 5,500 மிச்சமும் வரும். "பி"யும் ரூ. 55,900க்கு இறங்கியிருக்கிறது, அதற்கு இன்னும் 6 கிழமை. உயர்தர வகுப்பு தொடங்க மூன்று கிழமைதான் இருக்கிறது.

---

கொட்டாஞ்சேனை_அன்ரன் (ஞாயிறு, இரவு 7.50)

வகுப்பு தொடங்கும்போது கையில் போன் இருக்க வேண்டும். நான் இன்றைக்கும் "ஏ" என்றுதான் சொல்வேன். இல்லாத போனில் வினாத்தாள் வாசிக்க முடியாது.

---

தெஹிவளை_ரீச்சர் (ஞாயிறு, இரவு 8.30)

அன்ரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று கிழமை அம்மாவின் போன் இருக்கிறதுதானே? வகுப்பு மாலை நேரம் என்றால் அம்மா வீட்டில் இருப்பாரா என்பதைப் பொறுத்தது அது.

---

கணக்கர்_மாலா (ஞாயிறு, இரவு 9.05)

இரண்டு போனும் ஒரே ரூ. 2,000 இறங்கியதால் உங்கள் ரூ. 16,000 வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இறங்கியது என்பதற்காக முடிவை மாற்றாதீர்கள். மாற்றுவதாக இருந்தால் வகுப்பு நேரத்துக்காக மாற்றுங்கள். காத்திருப்பதாக இருந்தால் "பி"க்கு இப்போதே முற்பணம் கட்டாதீர்கள். விலை இன்னும் இறங்கினால் பழைய விலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

---

ஃபர்ஹான்_கொள்ளுப்பிட்டி (ஞாயிறு, இரவு 9.40)

எதை எடுத்தாலும் காசு கொடுக்க முதல் ஐஎம்ஈஐ பாருங்கள். *#06# அடித்தால் திரையில் 15 இலக்கம் வரும். அது பெட்டி ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். பிறகு அம்மாவின் போனிலிருந்து 1909க்கு இப்படி ஒரு எஸ்எம்எஸ்:

```
IMEI 123456789012345
```

நடுவில் ஒரு இடைவெளி, இந்த இலக்கங்களுக்குப் பதிலாக உங்கள் 15 இலக்கம். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலிருந்து பதில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு இலக்கம் இருக்கும், இரண்டையும் அனுப்புங்கள். ஏலாது என்று கடையில் சொன்னால் அந்தக் கடையில் எடுக்காதீர்கள்.

---

நிலா_வெள்ளவத்தை (பதினைந்தாம் கிழமை, சனி, பகல் 12.20)

எடுத்துவிட்டேன். "பி". முதல் மூன்று கிழமை வகுப்பை அம்மாவின் போனில் பார்த்தேன். இரண்டு நாள் அம்மா வேலையில் நின்றுவிட்டதால் வகுப்பு தவறிவிட்டது. அந்த இரண்டு பாடத்தையும் சிநேகிதியின் கொப்பியில் பார்த்து எழுதினேன்.

கையில் ரூ. 57,400 இருந்தது, விலை ரூ. 55,900. மிச்சம் ரூ. 1,500இல் கண்ணாடியும் கவரும் போட்டேன். கண்ணாடி ஒட்டும்போது மேல் மூலையில் ஒரு காற்றுக் குமிழ் விழுந்தது, கடை அண்ணா கழற்றிப் புதியது ஒட்டித் தந்தார். 1909க்கு இரண்டு இலக்கமும் அனுப்பினேன், இரண்டுக்கும் சரியான பதில் வந்தது. வேகம் இம்முறை 921. மேலதிக ரேமை நிறுத்திவிட்டேன், வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன்.

ரவி அண்ணா, ஒரு கேள்வி. 128 ஜிபி என்றார்கள், போனில் இப்போதே 19 ஜிபி பாவித்ததாகக் காட்டுகிறது. நான் இன்னும் ஒன்றும் போடவில்லையே?

---

சோல்டர்_ரவி (சனி, பகல் 1.10)

அது ஆண்ட்ராய்டும் கம்பனி போட்ட ஆப்களும். வேண்டாதவற்றை ஆப்ஸ் பட்டியலில் போய் நீக்கு. நீக்க முடியாதவற்றை முடக்கு. எப்போதும் 20 ஜிபி வெறுமையாக விடு, யுஎஃப்எஸ் என்றாலும் நிரம்பினால் மெதுவாகும். ஆறு மாதம் கழித்து அதே சோதனையைப் போட்டு எண்ணை இங்கே எழுது.